தவறான பாட்டிலைத் தள்ளும் சிலிண்டர்

ஒரு குளிர்பான ஆலை. கன்வேயரில் பாட்டில்கள் வரிசையாக ஓடுகின்றன. மூடி சரியாகப் பொருந்தாத பாட்டிலை ஒரு கேமரா கண்டுபிடிக்கிறது. கேமராவுக்கு 30 சென்டிமீட்டர் தள்ளி ஒரு காற்று சிலிண்டர் நிற்கிறது. குறையுள்ள பாட்டில் தன் முன்னால் வரும்போது அது கையை நீட்டிப் பாட்டிலைப் பக்கத்துத் தொட்டிக்குள் தள்ளிவிட வேண்டும். நாள் முழுக்கச் சரியாகத்தான் தள்ளுகிறது. ஆனால் நாளுக்கு மூன்று நான்கு முறை பாட்டிலின் ஓரத்தில் இடித்துச் சாய்த்துவிடுகிறது. சாய்ந்த பாட்டில் பின்னால் வருபவற்றையும் மடக்கிப் போட, லைன் நிற்கிறது. மெயின்டனன்ஸ் ஆட்கள் சிலிண்டரை மாற்றுகிறார்கள், சென்சாரை மாற்றுகிறார்கள், காற்றழுத்தத்தைப் பார்க்கிறார்கள். மறுநாளும் அதே கதை.

இந்த ஆலை கணக்குக்காக நான் வைத்துக்கொண்டது. ஆனால் அதன் நோய் கற்பனையல்ல. கட்டுப்பாட்டுக் கணினி நாளாக ஆகப் பருத்துப்போன எந்தத் தொழிற்சாலையிலும் இதைப் பார்க்கலாம். பழுது சிலிண்டரிலும் இல்லை, சென்சாரிலும் இல்லை. மின்பெட்டிக்குள் இருக்கும் பி.எல்.சி. எனும் அந்தச் சின்னக் கணினி தன் வேலையை ஒரு சுற்று முடிக்க எடுத்துக்கொள்ளும் நேரத்தில் இருக்கிறது. அதைத்தான் ஸ்கேன் டைம் என்கிறார்கள்.

பி.எல்.சி. வருவதற்கு முன் இந்த வேலையை ரிலேக்கள் செய்தன. ஒரு சுவர் நிறைய ரிலேக்கள்; ஒவ்வொன்றும் தன் கம்பியில் மின்சாரம் வந்தவுடன் தானாக இழுக்கும். நூறு ரிலே இருந்தாலும் நூறும் ஒரே நேரத்தில் வேலை செய்யும், யாரும் யாருக்காகவும் காத்திருப்பதில்லை. அமெரிக்காவில் டிக் மோர்லியின் குழு உருவாக்கிய மோடிகான் 084 கருவி 1969இல் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்துக்குப் போனபோது, எலெக்ட்ரீஷியன்கள் மிரளக் கூடாது என்பதற்காக அதன் புரோகிராமும் ரிலே வரைபடம் போலவே எழுதப்பட்டது. ஏணி போலத் தெரிவதால் அதற்கு லாடர் என்று பெயர். இன்றும் அந்த வரைபடத்தைப் பார்க்கிறவர்களுக்கு எல்லாப் படிகளும் ஒரே நேரத்தில் உயிரோடு இருப்பதாகத்தான் தோன்றும். உண்மையில் உள்ளே இருப்பது ஒரே ஒரு செயலி. அது முதலில் எல்லா சென்சார்களின் நிலையையும் ஒருமுறை படித்து நினைவில் வைத்துக்கொள்ளும். பிறகு புரோகிராமை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை ஓட்டும். முடிவுகளை மோட்டார்களுக்கும் வால்வுகளுக்கும் அனுப்பும். மீண்டும் முதலிலிருந்து தொடங்கும். தெருவைச் சுற்றிவரும் கூர்க்கா மாதிரி: அவர் தெருக்கோடியில் இருக்கும்போது முதல் வீட்டில் நடப்பது அடுத்த சுற்றில்தான் அவருக்குத் தெரியும்.

பொதுவாக ஒரு சுற்று சில மில்லி நொடியில் முடிந்துவிடுவதால் இந்த வேறுபாடு யாருக்கும் தெரிவதில்லை. நம் ஆலையில் மட்டும் ஏன் தெரிகிறது?

கன்வேயரின் வேகம் நொடிக்கு 60 சென்டிமீட்டர். அதாவது ஒரு மில்லி நொடிக்கு 0.6 மில்லிமீட்டர். கேமராவிலிருந்து சிலிண்டர் வரை 30 சென்டிமீட்டரைக் கடக்கச் சரியாக 500 மில்லி நொடி. எனவே புரோகிராம் எழுதியவர், கேமரா சைகை கொடுத்ததும் 500 மில்லி நொடி டைமரை ஓடவிட்டு, அது முடிந்ததும் சிலிண்டரை இயக்கச் சொல்லியிருக்கிறார். கேமராவின் சைகை சுற்றின் நடுவில் வந்தால், அடுத்த சுற்று தொடங்கும் வரை பி.எல்.சி.க்கு அது தெரியாது. ஆகவே டைமர் தொடங்குவதே ஒரு சுற்று வரை தாமதமாகலாம். டைமர் முடிந்ததும் உடனே தெரியாது. புரோகிராம் அந்த வரிக்குத் திரும்பி வரும்போதுதான் தெரியும். அங்கே இன்னொரு சுற்று. மொத்தத்தில் தாமதம் பூஜ்யத்திலிருந்து ஏறக்குறைய இரண்டு சுற்று வரை, ஒவ்வொரு பாட்டிலுக்கும் வெவ்வேறாக இருக்கும்.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தாமதம் என்பது மட்டும் சிக்கலே அல்ல. எப்போதும் 40 மில்லி நொடி தாமதம் என்றால் டைமரை 460 என்று வைத்துவிட்டுப் போய்விடலாம். சிலிண்டரின் வால்வு திறந்து கை நீள எடுக்கும் நேரத்தை அப்படித்தான் எல்லோரும் கழிக்கிறார்கள். மாறிக்கொண்டே இருக்கும் தாமதத்தைத்தான் எந்த எண்ணாலும் கழிக்க முடியாது. அதனால் ஸ்கேன் டைமின் சராசரியைக் கேட்டுப் பயனில்லை. மிக நீண்ட சுற்று எவ்வளவு, அது எத்தனை முறை வருகிறது என்றுதான் கேட்க வேண்டும்.

நம் ஆலையில் இருப்பது சீமென்ஸ் எஸ்7-1200 என்று வைத்துக்கொள்வோம். சிறிய, நடுத்தர இயந்திரங்களில் பரவலாக இருக்கும் கருவி. லேப்டாப்பை இணைத்து `Online & diagnostics` பக்கத்தில் `Cycle time` என்பதைத் திறந்தால் மிகக் குறைந்த சுற்று, கடைசிச் சுற்று, மிக நீண்ட சுற்று என மூன்று எண்கள் தெரியும். மற்ற நிறுவனங்களின் கருவிகளிலும் இதற்கு இணையானது உண்டு. மிட்சுபிஷியின் எஃப்எக்ஸ் வரிசையில் `D8010`, `D8011`, `D8012` என்ற மூன்று ரெஜிஸ்டர்கள் இதே மூன்று எண்களை 0.1 மில்லி நொடிக் கணக்கில் வைத்திருக்கும்.

நம் ஆலையின் பி.எல்.சி. காட்டுவது: கடைசிச் சுற்று 21 மில்லி நொடி, மிக நீண்டது 58.

58 என்றதும் பலர் தோளைக் குலுக்குவார்கள். வாட்ச்டாக் 150இல்தானே இருக்கிறது, இன்னும் எவ்வளவோ இடமிருக்கிறதே என்பார்கள். வாட்ச்டாக் என்பது ஒரு சுற்று அளவுக்கு மீறி நீண்டால் பிழை எழுப்பும் காவல். இந்தக் கருவியில் தொழிற்சாலை அமைப்பில் அது 150 மில்லி நொடி. அதைத் தாண்டினால் நேரப் பிழை எழும், இரு மடங்கையும் தாண்டினால் இயக்கமே நிற்கும். ஆனால் அது முடிவில்லாத லூப்பில் புரோகிராம் சிக்கிக்கொண்டால் பிடிப்பதற்காக வைத்தது. உங்கள் பாட்டிலின் அகலம் அதற்குத் தெரியாது. 21 மில்லி நொடிச் சுற்றுகள் இரண்டு சேர்ந்தால் 42, பாட்டில் நகர்வது 25 மில்லிமீட்டர். இந்த வீச்சின் நடுவுக்குச் சிலிண்டரைச் சரிசெய்து வைத்திருப்பார்கள், ஆகவே 13 மில்லிமீட்டர் முன்னே பின்னே போகும். 65 மில்லிமீட்டர் விட்டமுள்ள பாட்டில் அதைத் தாங்கும். இரண்டில் ஒன்று 58 ஆகிவிட்டால்? 79 மில்லி நொடி, 47 மில்லிமீட்டர். நடுவிலிருந்து 34 மில்லிமீட்டர் விலகல். பாட்டிலின் ஆரமோ 32.5 தான். சிலிண்டர் ஓரத்தில் இடிப்பதன் காரணம் இதுதான். எல்லாம் ஒன்றுகூடினால்தான் நடக்கும் என்பதால் நாளுக்கு மூன்று நான்கு முறை மட்டும் நடக்கிறது. யாராவது நின்று பார்க்கும்போது நடக்காது.

மிக நீண்ட சுற்று என்ற ஒற்றை எண் எத்தனை முறை நேர்ந்தது என்று சொல்லாது. லேப்டாப் இணைந்திருந்தால் அதுவே தகவல் தொடர்பு வேலையைக் கூட்டிச் சுற்றை நீட்டும். அளக்கும் கருவியே அளவைக் கெடுக்கும் நிலை. எனவே புரோகிராமுக்குள்ளேயே ஒரு கணக்குப் பிள்ளையை உட்கார வைப்பது நல்லது. இதற்கு எஸ்7-1200இல் `RUNTIME` என்ற கட்டளை உண்டு. ஒரே நினைவிடத்தைக் கொடுத்து இரண்டு முறை அழைத்தால், இரண்டாவது அழைப்பு இடையில் எத்தனை நொடி போயிற்று என்று திருப்பித் தரும். பிரதான புரோகிராமான `OB1`இன் முதல் வரியில் போட்டால் சுற்றின் நேரமே கிடைத்துவிடும்.

```
"Ts".cyc := RUNTIME("Ts".memCyc);
IF "Ts".cyc > 0.050 THEN
    "Ts".n50 := "Ts".n50 + 1;
ELSIF "Ts".cyc > 0.030 THEN
    "Ts".n30 := "Ts".n30 + 1;
ELSE
    "Ts".nOk := "Ts".nOk + 1;
END_IF;
```

கருவி இயங்கத் தொடங்கியதும் வரும் முதல் அழைப்பின் விடைக்குப் பொருளில்லை, அதைத் தள்ளிவிட வேண்டும். லேப்டாப்பைக் கழற்றிவிட்டு ஒரு மணி நேரம் ஓடவிட்டால் நம் ஆலையில் கிடைப்பது இப்படி: 30க்குள் முடிந்த சுற்றுகள் சுமார் 1,36,000, 30க்கும் 50க்கும் இடையே 20,800, 50ஐத் தாண்டியவை 400.

இந்த எண்களே பாதி விடையைச் சொல்லிவிடுகின்றன. நொடிக்கு 5 பாட்டில் என்றால் மணிக்கு 18,000. நடுவில் இருக்கும் கூட்டம் ஏறக்குறைய அந்த அளவுதான். ஆகவே பாட்டில் வரும்போதெல்லாம் ஏதோ ஒரு கனமான வேலை நடக்கிறது. மீதி மூவாயிரத்துச் சொச்சம் ஒரு மணிக்கு உள்ள 3,600 நொடிகளோடு பொருந்துகிறது. நொடிக்கு ஒருமுறை இன்னொரு கனமான வேலை. இரண்டும் ஒரே சுற்றில் மோதும்போது 58.

வெளியிலிருந்து அளக்க ஒரு பழைய முறையும் உண்டு. ஒவ்வொரு சுற்றிலும் ஒரு டிரான்சிஸ்டர் அவுட்புட்டை மாற்றி மாற்றி ஆன், ஆஃப் செய்யச் சொல்லி ஆஸில்லோஸ்கோப்பில் பார்ப்பது. அலையின் ஒவ்வொரு பாதியும் ஒரு சுற்று. கருவி தன்னைப் பற்றித் தானே சொல்லும் எண்ணை நம்பாதவர்களுக்கு இது மனநிறைவு தரும்.

அடுத்து, சுற்றுக்குள் நேரம் எங்கே போகிறது என்று பார்க்க வேண்டும். அனுபவசாலிகள்கூட இங்கே அளக்காமல் ஊகிக்கிறார்கள். லாடரில் நூற்றுக்கணக்கான படிகள் உள்ள இன்டர்லாக் பகுதியைக் காட்டி, இதுதான் பெரிய புரோகிராம், இதைக் குறைக்கலாம் என்பார்கள். ஆனால் இந்தக் கருவியில் ஆம், இல்லை என்ற ஒரு பிட் சோதனைக்கு 0.08 மைக்ரோ நொடிதான். தசம எண் கணக்கு ஒன்றுக்கு இரண்டு மைக்ரோ நொடிக்கு மேல். பார்வைக்குப் பத்துப் பக்கம் நீளும் லாடர் மலிவு. நான்கு வரியில் எழுதிய ஒரு `FOR` லூப் விலை அதிகம். பக்கத்தின் நீளத்தை வைத்து எடையைச் சொல்ல முடியாது.

எனவே ஒவ்வொரு பகுதியையும் அழைக்கும் வரிக்கு முன்னும் பின்னும் அதே `RUNTIME` அழைப்பைப் போட்டு அளக்கிறோம். நம் ஆலையின் கணக்கு: இன்டர்லாக் முதலிய லாடர் 3 மில்லி நொடி. வெப்பநிலை, அழுத்தம் போன்ற 24 அளவீடுகளைச் சீர்செய்யும் பகுதி 9. அலாரம் சோதனை 5. திரை, சர்வர் ஆகியவற்றோடு பேசுவதும் மற்றவையும் 4. இவை எல்லாச் சுற்றிலும் உண்டு; மொத்தம் 21. பாட்டில் வரும் சுற்றில் மட்டும் கண்காணிப்புப் பட்டியலுக்கு 12. நொடிக்கு ஒருமுறை ஓடும் அறிக்கை வேலைக்கு 25.

இப்போதுதான் மாற்றி அமைக்கும் வேலை தொடங்குகிறது. என் கருத்தில் இங்கே ஒரே ஒரு கேள்விதான் உண்டு: இந்த வேலையை இந்தச் சுற்றில் செய்தே ஆக வேண்டுமா? கட்டளைகளை வேகமான கட்டளைகளாக மாற்றுவதில் கிடைப்பது சொற்பம். தேவையில்லாத வேலையைச் செய்யாமல் விடுவதில்தான் நேரம் மொத்தமாகக் கிடைக்கிறது.

முதலில் அந்த 12 மில்லி நொடி. நிரப்பும் இயந்திரத்திலிருந்து பேக்கிங் வரை 200 பாட்டில்களின் விவரம் ஒரு அட்டவணையில் இருக்கிறது. புதுப் பாட்டில் வந்ததும் 199ஆவது இடத்தில் இருப்பதை 200க்கு, 198இல் இருப்பதை 199க்கு என எல்லா விவரத்தையும் ஒவ்வோர் இடம் நகர்த்தி, முதல் இடத்தில் புதியதை எழுதுகிறது புரோகிராம். உண்மையான கன்வேயரில் பாட்டில்கள் நகர்வதால் நினைவிலும் நகர்த்த வேண்டும் என்று எழுதியவருக்குத் தோன்றியிருக்கிறது. தேவையில்லை. எல்லாவற்றையும் இருந்த இடத்திலேயே விட்டுவிட்டு, "கடைசியாக எழுதிய இடம்" என்ற ஒரு சுட்டியை மட்டும் நகர்த்தினால் போதும். 199க்குப் பிறகு சுட்டி மறுபடி பூஜ்யத்துக்கு வந்துவிடும்.

```
"Trk".wr := ("Trk".wr + 1) MOD 200;
"Trk".buf["Trk".wr] := #newBottle;
```

200 நகர்த்தல்கள் ஒரே எழுத்தாயின. 12 மில்லி நொடி 0.1 ஆகும். படிக்கும் இடத்தில் மட்டும் கவனம் வேண்டும். 30 பாட்டிலுக்கு முன்னால் வந்தது எது என்று பார்க்கச் சுட்டியிலிருந்து 30ஐக் கழிக்க வேண்டும். விடை எதிர்ம எண்ணானால் 200ஐக் கூட்ட வேண்டும். இதை மறந்தால் புரோகிராம் அட்டவணைக்கு வெளியே போய்ப் பிழை எழுப்பும், அதுவும் சுட்டி பூஜ்யத்தைக் கடக்கும் அந்தச் சில பாட்டில்களுக்கு மட்டும். மின்வெட்டு வந்தால் அட்டவணையும் சுட்டியும் இரண்டுமே நினைவில் நிற்க வேண்டும், அல்லது இரண்டுமே அழிய வேண்டும். ஒன்று நின்று மற்றது அழிந்தால் எல்லாப் பாட்டிலும் வேறொரு பாட்டிலின் ஜாதகத்தோடு ஓடும்.

அடுத்து 24 அளவீடுகள். ஒவ்வொன்றுக்கும் கடைசி 50 மதிப்புகளை வைத்துக்கொண்டு, எல்லாச் சுற்றிலும் ஐம்பதையும் கூட்டிச் சராசரி எடுக்கிறது புரோகிராம். ஒரு சுற்றுக்கு 1,200 கூட்டல், அதுவும் தசம எண்ணில். கூட்டுத்தொகையை நினைவில் வைத்திருந்து, பழைய மதிப்பைக் கழித்துப் புதியதைக் கூட்டினால் 50 கூட்டல் இரண்டாகிவிடும். இங்கே ஒரு நுட்பம் உண்டு. தசம எண்களில் இப்படித் தொடர்ந்து கழித்துக் கூட்டிக்கொண்டே போனால் சிறுசிறு துல்லியப் பிழைகள் சேர்ந்து, மாதக் கணக்கில் சராசரி மெல்ல விலகிவிடும். சென்சார் அட்டை தருவது 0 முதல் 27648 வரையிலான முழு எண்தான். முழு எண்ணிலேயே கூட்டி வைத்துக்கொண்டு, கடைசியில் மட்டும் டிகிரியாகவோ பாராகவோ மாற்றினால் அந்தத் தொல்லை இல்லை.

அத்தோடு, தொட்டியின் வெப்பநிலையை நொடிக்கு நாற்பது முறை பார்க்க வேண்டிய அவசியம் என்ன? சுற்றுக்கு ஓர் அளவீடு என்று முறை வைத்தால் 24 சுற்றில் எல்லாம் ஒருமுறை வந்துவிடும். 9 மில்லி நொடி 0.4க்கு இறங்கும். வெப்பத்தைச் சீராக வைத்திருக்கும் பி.ஐ.டி. கணக்கை மட்டும் இந்த முறை வைப்பில் சேர்க்கக் கூடாது. அதற்குச் சம இடைவெளி தேவை. சுற்று நீளும்போது இடைவெளியும் நீண்டால் அதன் கணக்கே தப்பாகும். அதைக் குறித்த இடைவெளியில் தானாக ஓடும் `Cyclic interrupt` பகுதியில் வைப்பதே முறை.

சிலர் கனமான வேலைகள் எல்லாவற்றையும் அந்தப் பகுதிக்கே தள்ளிவிட்டு, `OB1` இப்போது லேசாகிவிட்டது என்று நினைப்பார்கள். வேலை குறையவில்லை, இடம்தான் மாறியிருக்கிறது. இடையிட்டு ஓடும் பகுதி `OB1`ஐ நடுவில் நிறுத்திவிட்டுத்தான் ஓடுகிறது. 9 மில்லி நொடி வேலையை 10 மில்லி நொடிக்கு ஒருமுறை ஓடவிட்டால் `OB1`க்கு மிஞ்சுவது பத்தில் ஒரு பங்கு நேரம். ஸ்கேன் டைம் குறைவதற்குப் பதில் பன்மடங்கு கூடும்.

அலாரம் சோதனை எளிது. 400 அலாரங்களைச் சுற்றுக்கு 40 என்று பிரித்தால் பத்துச் சுற்றில் முடியும். திரையில் அலாரம் நூறு மில்லி நொடிக்குள் தாமதமாக வருவதை எந்த ஆபரேட்டரும் உணரப்போவதில்லை. ஒரு கண்ணிமைப்பு நேரம் மட்டும் வந்து மறையும் சைகைகளைப் பிடித்து வைக்க வேண்டும், இல்லாவிட்டால் தன் முறை வருவதற்குள் அவை போய்விடும். அவசர நிறுத்தம் போன்றவற்றை இதில் சேர்க்கவே கூடாது.

இங்கே பலர் வேறொரு குறுக்கு வழியில் போகிறார்கள். இயந்திரம் ஓடாதபோது அதன் பகுதியை அழைக்காமலே விட்டுவிட்டால் நேரம் மிச்சம்தானே? மிச்சம்தான். ஆனால் அழைக்காத பகுதிக்குள் இருக்கும் அவுட்புட் அணைந்துவிடும் என்று நினைத்தால் தப்பு. கடைசியாக என்ன நிலையில் இருந்ததோ அதிலேயே உறைந்து நிற்கும். மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும்போது அந்தப் பகுதியை அழைப்பது நின்றால் மோட்டார் ஓடிக்கொண்டேதான் இருக்கும், நிறுத்து பட்டனைப் பார்க்கும் வரியும் அதே உறைந்த பகுதிக்குள்தான் இருக்கிறது. டைமர்களின் நிலையும் அங்கே புதுப்பிக்கப்படாது. அதனால் கணக்கு, அறிக்கை போன்ற பகுதிகளை நிபந்தனையோடு அழைக்கலாம். அவுட்புட்டை நேரடியாக இயக்கும் பகுதிகளை எல்லாச் சுற்றிலும் அழைத்தே ஆக வேண்டும். அவை பெரும்பாலும் மலிவான பிட் சோதனைகள்தான் என்பது நல்லவேளை.

மிஞ்சியது நொடிக்கு ஒருமுறை வரும் 25 மில்லி நொடி. உள்ளே பார்த்தால் அது ஒரே வேலையல்ல. ஒருவர் எழுதிய உற்பத்திக் கணக்கு, இன்னொருவர் பிற்பாடு சேர்த்த மின்சாரக் கணக்கு, சர்வருக்கு அனுப்ப எண்களை எழுத்துத் தொடராக மாற்றும் பகுதி, ரெசிப்பி அட்டவணையில் தேடல். நான்குமே `Clock_1Hz` என்ற ஒரே பிட் ஆன் ஆகும் கணத்தில் ஓடுகின்றன. எழுதிய ஒவ்வொருவருக்கும் தன்னுடையது ஐந்தாறு மில்லி நொடிதான், நொடிக்கு ஒருமுறைதான். எல்லோரும் கைக்கெட்டிய அதே பிட்டைப் பிடித்ததால் நான்கும் ஒரே சுற்றில் வந்து விழுகின்றன. ஒரு சிறிய எண்ணியை வைத்து இவற்றை வெவ்வேறு சுற்றுகளுக்குப் பிரித்து, எழுத்துத் தொடர் வேலையை மேலும் சில துண்டுகளாக்கினால் எந்தச் சுற்றிலும் 3 மில்லி நொடிக்கு மேல் சேராது. ஓர் எச்சரிக்கை: துண்டாக்கிய அறிக்கையின் முதல் பாதி ஒரு சுற்றின் எண்ணையும் பின்பாதி வேறொரு சுற்றின் எண்ணையும் எடுத்துக்கொண்டால் மொத்தம் பொருந்தாது. தொடங்கும்போதே எல்லா எண்களையும் ஒரு நகல் எடுத்துக்கொண்டு, அந்த நகலை வைத்து நிதானமாக வேலை செய்ய வேண்டும்.

மறுபடி அளப்போம். லாடர் அதே 3, அளவீடு 0.4, அலாரம் 0.6. தகவல் தொடர்பு சுற்றின் நேரத்தில் ஒரு பங்கை எடுத்துக்கொள்வது. சுற்று குறைய அதுவும் 4இலிருந்து ஏறக்குறைய 1.5க்கு இறங்குகிறது. வழக்கமான சுற்று 6 மில்லி நொடிக்குள், மிக நீண்டது 9. இரண்டும் சேர்ந்தாலும் 15 மில்லி நொடி, பாட்டில் நகர்வது 9 மில்லிமீட்டர். புது பி.எல்.சி. வாங்கவில்லை. இன்டர்லாக் லாடரில் ஒரு வரிகூடத் தொடவில்லை.

இத்தோடு முடிந்தது என்று வீட்டுக்குப் போகிறவர்களுக்குத்தான் இரவில் போன் வரும். சுற்று வேகமானதால் புதிதாகக் கெடுபவை சில உண்டு. அளவீட்டுப் பகுதியையே பாருங்கள். முன்பு 50 மதிப்புகள், ஒவ்வொன்றும் சராசரி 23 மில்லி நொடி இடைவெளியில். அதாவது கடந்த 1.15 நொடியின் சராசரி. இப்போது ஓர் அளவீட்டுக்கு 24 சுற்றுக்கு ஒருமுறைதான் முறை வருகிறது, 144 மில்லி நொடிக்கு ஒரு மதிப்பு. அதே 50ஐ வைத்திருந்தால் அது ஏழு நொடிக்கு மேற்பட்ட காலத்தின் சராசரி. அழுத்தம் ஏறினால் திரையில் ஏழு நொடி கழித்துத்தான் முழுதாகத் தெரியும். 50ஐ 8 ஆகக் குறைத்தால் பழைய 1.15 நொடி திரும்பக் கிடைக்கும். புரோகிராமில் சுற்றுகளை எண்ணி நேரமாகப் பயன்படுத்தும் இடம் எங்கெங்கே இருக்கிறதோ அங்கெல்லாம் இதே கதைதான். "100 சுற்று காத்திரு" என்று யாரோ எழுதியது முன்பு இரண்டு நொடிக்கு மேல், இப்போது அரை நொடிச் சொச்சம்.

இன்னொன்று, ஒரு சுற்று நீளத்துக்கு மட்டும் ஆன் ஆகும் சைகை. பக்கத்து லேபிள் இயந்திரம் 20 மில்லி நொடிக்கு ஒருமுறை அந்தச் சைகையைப் பார்க்கிறது என்று வையுங்கள். 21 மில்லி நொடி நீண்ட சைகை அதன் கண்ணில் தப்பாமல் பட்டது. 6 மில்லி நொடிச் சைகை பெரும்பாலும் படாது. முன்பு ஓடியது தற்செயல்தான். இப்போது அதற்கு ஒரு டைமர் வைத்து நீளத்தை உறுதிசெய்ய வேண்டும்.

இந்த இரண்டு காரணங்களுக்காகவும் குறைந்தபட்சச் சுற்று நேரம் என்ற அமைப்பை 10 மில்லி நொடியில் வைப்பேன். வேலை 6இல் முடிந்தாலும் 9இல் முடிந்தாலும் அடுத்த சுற்று 10இல்தான் தொடங்கும். மோசமான நிலை 15இலிருந்து 20 மில்லி நொடியாகிறது, அதாவது 3 மில்லிமீட்டர் இழப்பு. ஆனால் சுற்றுகள் ஒரே நீளமாகிவிடும். அதற்கேற்ப இடைவெளி 240 மில்லி நொடியாவதால் சராசரிக்கு 8க்குப் பதில் 5 மதிப்புகள் போதும், அந்த எண் இனி நிலையாக நிற்கும்.

20 மில்லி நொடியும் போதாத இயந்திரங்கள் உண்டு. இதே கன்வேயர் மூன்று மடங்கு வேகத்தில் ஓடினால் போதாது. அப்போது சுற்றை மேலும் சுருக்க முயல்வது வீண். கேமராவின் சைகை வந்தவுடன் நடப்பதை நிறுத்திவிட்டு ஓடும் ஹார்டுவேர் இன்டரப்ட் பகுதியில் அந்த ஒரு வேலையை மட்டும் வைக்க வேண்டும். முடிவில் வால்வைத் திறப்பதையும் சுற்று முடியும் வரை காத்திராமல் நேராக எழுத வேண்டும். `%Q0.0:P` என்று முகவரியின் பின்னால் `:P` சேர்த்தால் அப்படி எழுதும். அங்கே போகும் முன் இன்புட்டின் ஃபில்டரைப் பார்க்க வேண்டும். மின் இரைச்சலைச் சைகை என்று நம்பிவிடாமல் இருக்க, இந்தக் கருவியில் ஒவ்வோர் இன்புட்டும் வழக்கமாக 6.4 மில்லி நொடி காத்திருந்துதான் மாற்றத்தை ஒப்புக்கொள்ளும். புரோகிராமை 2 மில்லி நொடிக்குக் கொண்டுவந்துவிட்டு ஃபில்டரை 6.4இல் விட்டுவைத்தால், அதைவிடக் குறுகிய சைகை புரோகிராமுக்கு வந்தே சேராது. கேமரா சைகை வரும் அந்த ஒரு சேனலுக்கு மட்டும் குறைக்கலாம். பக்கத்தில் மோட்டார் கேபிள் போகிறதா என்று பார்த்துவிட்டு.